எக்ஸாம் ஹால்ல உங்களுக்கு என்ன நடக்குதுன்னு முதல்ல எழுதுங்க, என்ன கேக்கணும்ங்கறது அதுலேர்ந்து தானா வரும்

கேள்வி: எனக்கு ஆங்சைட்டி டிஸார்டர் இருக்குன்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. எக்ஸாம்ல கூடுதல் டைம் மாதிரி ஏதாவது கேட்டு யுனிவர்சிட்டி டிசபிலிட்டி ஆபீஸுக்கு லெட்டர் எழுதணும். எவ்வளவு சொல்லணும், எப்படி கேக்கணும்னே தெரியல. எல்லாருக்கும்தான் எக்ஸாம் பயம் இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு இருக்கு. ஒரு மாதிரி லெட்டரோட யாராவது சொல்ல முடியுமா?

பதில்:

நான் இந்த மாதிரி ஒரு ஆபீஸ்ல அட்வைஸரா வேலை பாக்கறேன், அதாவது நீங்க அனுப்பப் போற லெட்டரை படிக்கிற ஆளு. வர்ற லெட்டர்கள்ல முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும்: எனக்கு ஆங்சைட்டி இருக்கு, எக்ஸாம்னா ரொம்ப கஷ்டப்படறேன், கூடுதல் நேரம் குடுங்கன்னு மூணு வரி, கூட டாக்டர்கிட்டேர்ந்து ஒரு வரி. எழுதினவங்க படற கஷ்டம் உண்மைதான், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது, ஆனா அந்த மூணு வரியை வச்சு நான் எக்ஸாம் செக்ஷன்ல போய் எதையும் ஏற்பாடு பண்ண முடியாது. ஏன்னா வியாதி பேருக்கும் கேக்கற உதவிக்கும் நடுவுல இருக்கற விஷயம் அதுல இல்ல. ஹால்ல உக்காந்த பிறகு உங்க உடம்புக்கும் மூளைக்கும் என்ன ஆகுது, எத்தனை நிமிஷம் போகுது, அதனால பேப்பர்ல என்ன விட்டுப்போகுது, இதுதான் அந்த நடுவுல இருக்கற விஷயம். நாங்க இதை ஃபங்ஷனல் இம்பாக்ட்னு சொல்லுவோம். லெட்டரோட முதுகெலும்பு அந்த ஒரு பாராதான், மத்ததெல்லாம் அதை சுத்தி வர்றது.

முதல்ல எவ்வளவு சொல்லணும்ங்கறதை முடிச்சிடறேன், அது நிறைய பேரை எழுதவே விடாம தடுக்குது. உங்க லெட்டரும் மெடிக்கல் டாக்குமெண்டும் டிசபிலிட்டி ஆபீஸ் ஃபைல்லதான் இருக்கும். வழக்கமா எக்ஸாம் செக்ஷனுக்கும் டிபார்ட்மெண்டுக்கும் போறது என்னென்ன ஏற்பாடு வேணும்ங்கற லிஸ்ட் மட்டும்தான், உதாரணமா சின்ன ரூம், ரெஸ்ட் பிரேக், கம்ப்யூட்டர்னு அவ்வளவுதான், எந்த வியாதின்னு அதுல இருக்காது. இருந்தாலும் உங்க யுனிவர்சிட்டியில யார் யார் பாப்பாங்கன்னு ஆபீஸ்ல நேரா கேட்டுக்கோங்க, லெட்டர்லயும் ஒரு வரி எழுதிடுங்க. அப்புறம் வியாதி எப்படி வந்துச்சு, வீட்ல என்ன பிரச்சனை, சின்ன வயசுல என்ன நடந்துச்சுங்கறதெல்லாம் எங்களுக்கு தேவையே இல்ல. சில பேர் நாலு பக்கம் வாழ்க்கையையே எழுதி அனுப்புவாங்க, படிக்கும்போது மனசு கனத்துப் போகும், ஆனா கடைசி வரைக்கும் எக்ஸாம் ஹால் அதுல வந்திருக்காது. எதை சொல்லணும்னு சந்தேகம் வந்தா, இது எக்ஸாம் எழுதறதை பாதிக்குதான்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, பாதிக்கலன்னா விட்டுடுங்க.

அடுத்து உங்க பயம், எல்லாருக்கும்தான் எக்ஸாம் பயம் இருக்குங்கறது. அட்வைஸர் மனசுலயும் இந்தக் கேள்வி இருக்கும், அதனால கேக்கறதுக்கு முன்னாடியே லெட்டர்லயே பதில் சொல்லிடறது நல்லது. எக்ஸாம் பதட்டம்ங்கறது எக்ஸாமோட வந்து எக்ஸாமோட போயிடும், கேள்வித்தாளை வாங்கி ரெண்டு பதில் எழுதினதும் நிறைய பேருக்கு இறங்கிடும். டிஸார்டர் அப்படி இல்ல, எக்ஸாம் இல்லாத நாள்லயும் இருக்கும். உதாரணமா, ஜெனரலைஸ்ட் ஆங்சைட்டி டிஸார்டர்ங்கற வகைன்னு டயக்னோஸ் பண்ணணும்னா குறைஞ்சது 6 மாசமா, பெரும்பாலான நாள்ல, கட்டுப்படுத்த முடியாத கவலை இருக்கணும், கூடவே தூக்கம் கெடறது, தசை இறுகறது, சீக்கிரம் களைச்சுப் போறது, கவனம் நிக்காம மூளை வெறுமையாகிப் போறது மாதிரி அறிகுறிகளும் இருக்கணும். அந்த கடைசி அறிகுறியை கவனிங்க, படிச்சது எல்லாம் திடீர்னு காணாம போற மாதிரி ஆகறது டயக்னோஸிஸ் பட்டியல்லயே இருக்கு. அதனால லெட்டர்ல எப்போலேர்ந்து இருக்கு, யார் டயக்னோஸ் பண்ணாங்க, என்ன ட்ரீட்மெண்ட் போகுது, எக்ஸாம் தவிர வேற எங்கெல்லாம் வருதுன்னு ரெண்டு மூணு வரி வந்தாலே போதும், எல்லாருக்கும் வர்ற பயம்னு யாரும் சொல்ல முடியாது.

இப்ப ஒரு கேஸை எடுத்துக்குவோம். இது உதாரணத்துக்கு நான் அமைச்சது, ஆனா இதுல இருக்கற ஒவ்வொண்ணும் எங்க மேஜைக்கு அடிக்கடி வர்றதுதான். மூணாவது வருஷ மாணவி, பானிக் டிஸார்டர், அதாவது திடீர் திடீர்னு கடுமையான பயம் அட்டாக்கா வர்ற ஆங்சைட்டி வகை. எக்ஸாம் 3 மணி நேரம், 5 கேள்வி, ஒவ்வொண்ணும் 20 மார்க், அதாவது ஒரு கேள்விக்கு 36 நிமிஷம். பெரிய ஹால், 200 பேர், சீட் நடு வரிசையில. முதல் 20 நிமிஷம் நல்லாத்தான் எழுதறாங்க. அப்புறம் நெஞ்சு படபடக்க ஆரம்பிக்குது, மூச்சு மேல்மூச்சா வாங்குது, அப்படி வேகமா மூச்சு விடறதால ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சு விரல் நுனி மரத்துப்போய் ஊசி குத்தற மாதிரி ஆகுது, தலை சுத்துது, பேனாவை பிடிக்க முடியல. பானிக் அட்டாக் சில நிமிஷத்துலயே உச்சத்துக்குப் போயிடும், பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள்ள. ஆனா அதோட முடியாது, உச்சம் இறங்கின பிறகும் கை நடுக்கமும் களைப்பும் கொஞ்ச நேரம் இருக்கும், விட்ட இடத்தை கண்டுபிடிச்சு கேள்வியை திரும்ப முதல்லேர்ந்து படிக்கணும். எல்லாம் சேர்த்தா 35 நிமிஷம் போயிடுது. கணக்கு பாருங்க, அது கிட்டத்தட்ட ஒரு கேள்விக்கான நேரம். அவங்க பேப்பர்ல ஒவ்வொரு தடவையும் அஞ்சாவது கேள்வி காலியா இருக்கும், நாலாவது பாதியில நிக்கும். அசைன்மெண்ட்ல 65லேர்ந்து 72 வரைக்கும் வாங்கறவங்க எக்ஸாம்ல 42, 48னு நிப்பாங்க.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, இதை எழுதத்தான் நிறைய பேருக்கு தோணறதில்ல. அட்டாக் வந்தா வெளிய போகணும், வெளிய போகணும்னா கையை தூக்கணும், இன்விஜிலேட்டர் வரணும், வரிசையில இருக்கறவங்களை எழுப்பி தாண்டிப் போகணும், 200 பேர் பாப்பாங்க. அந்த நினைப்பே அடுத்த அட்டாக்கை கொண்டு வருது. அதனால அவங்க வெளிய போகாம அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க, அடக்க அடக்க இன்னும் நேரம் போகுது. இப்படி ஒரு சுழல் இருக்குன்னு எழுதினாத்தான் கதவு பக்கத்துல சீட் கேக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு படிக்கிறவங்களுக்கு விளங்கும்.

இப்ப நடந்ததுக்கு எதிரா ஒவ்வொரு ஏற்பாடா வச்சுப் பாப்போம். எல்லாரும் முதல்ல கேக்கறது கூடுதல் டைம். நிறைய யுனிவர்சிட்டிகள்ல 25 சதவீதம் வழக்கம், 3 மணி நேரத்துக்கு 45 நிமிஷம் கூட வரும். இந்த மாணவிக்கு அது சரியான மருந்தான்னா, எனக்கு அப்படி தோணல. அதே ஹால்ல அதே சீட்ல இன்னும் 45 நிமிஷம் உக்காரணும், அட்டாக் வர்ற இடத்துல இருக்கற நேரம்தான் கூடுது. ரெண்டு அட்டாக் வந்தா 45 போதாது, வரலன்னா அது தேவையே இல்ல. அவங்களுக்கு பொருந்தறது ரெஸ்ட் பிரேக், அதாவது கடிகாரத்தை நிறுத்தற பிரேக். அட்டாக் வர்ற மாதிரி இருந்தா ஒரு கார்டை மேஜை மேல வைக்கணும், இன்விஜிலேட்டர் நேரத்தை குறிச்சுக்குவாங்க, பேப்பரை மூடிட்டு வெளிய போகலாம், மூச்சு சரியானதும் திரும்பி வந்ததும் மறுபடி நேரம் குறிச்சு, போன நிமிஷத்தை கடைசியில சேர்த்துக் குடுப்பாங்க. பிரேக்ல பேப்பரை பாக்கவோ எழுதவோ கூடாது. மணிக்கு 10 நிமிஷம்னு நிறைய இடத்துல ஒரு அளவு வச்சிருக்காங்க, 3 மணி நேரத்துக்கு 30 நிமிஷம், மொத்தமா தேவைப்படற இடத்துல எடுத்துக்கலாம்னும் கேக்கலாம். எழுதற நேரம் எல்லாருக்கும் இருக்கற அதே 3 மணி நேரம்தான்ங்கறதால மத்தவங்களுக்கு அநியாயம்ங்கற பேச்சுக்கே இடமில்ல, அதனால ஆபீஸுக்கும் ஒத்துக்கறது சுலபம். இன்னொரு நல்லதும் உண்டு, நேரம் ஓடலன்னு தெரிஞ்சாலே நிறைய பேருக்கு அட்டாக்கோட வேகம் குறையுது, ஏன்னா நேரம் போகுதேங்கற பயம்தான் அதை பாதி ஊதி விடுது.

அப்ப கூடுதல் டைம் யாருக்குன்னா, திடீர்னு அட்டாக் வராம எக்ஸாம் முழுக்க கவலை பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கறவங்களுக்கு. ஒரே கேள்வியை நாலு தடவை படிப்பாங்க, எழுதின வரியை சரியா தப்பான்னு திரும்பத் திரும்ப பாப்பாங்க, எல்லா கேள்விக்கும் பதில் தெரிஞ்சும் எதுவும் முழுசா முடியாது. மூளையில ஒரு நேரத்துல வேலைக்கு கிடைக்கற இடம் கொஞ்சம்தான், அதுல ஒரு பங்கை கவலை எடுத்துக்கறதால வேலை மெதுவாகுது. இங்க நேரம் கொஞ்சம் கொஞ்சமா முழுக்க போகுது, அதனால 25 சதவீதம் நியாயமா பொருந்தும். ரெண்டுமே இருக்கறவங்க ரெண்டையும் கேக்கலாம், ஆனா எது எதுக்குன்னு தனித்தனியா சொல்லணும், லிஸ்ட்டா போட்டு எல்லாம் குடுங்கன்னு கேட்டா எதுவுமே சரியா யோசிக்கலன்னுதான் தெரியும். நீங்க இதுல எந்தப் பக்கம்னு உங்க பழைய பேப்பர்களே சொல்லும். கடைசி கேள்விகள் மொத்தமா காலியா இருக்கா, இல்ல எல்லா பதிலும் அரைகுறையா இருக்கான்னு பாருங்க.

ரூம் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. தனி ரூம்னு கேக்கறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு இன்விஜிலேட்டரும் மட்டும் 3 மணி நேரம் ஒரு ரூம்ல இருக்கறதை நினைச்சுப் பாருங்க. சோஷியல் ஆங்சைட்டி இருக்கற சில பேருக்கு அது ஹாலை விட மோசம், ஒரு ஆள் தன்னையே பாத்துக்கிட்டிருக்கற மாதிரி ஆயிடும். பத்து பதினஞ்சு பேர் இருக்கற சின்ன ரூம், கதவு பக்கத்துல சீட், இது அவங்கள்ல நிறைய பேருக்கு நல்லா வேலை செய்யுது, ரூம் தட்டுப்பாடு இருக்கற யுனிவர்சிட்டியில கிடைக்கறதும் சுலபம்.

இனி லெட்டர். மேல சொன்ன மாணவிக்கு நான் எழுதறதா இருந்தா இப்படி எழுதுவேன். உங்க ஆபீஸ் எந்த மொழியில நடக்குதோ அதுல எழுதுங்க, வரிசை இதேதான்.

பொருள்: ஆங்சைட்டி டிஸார்டர் காரணமாக தேர்வு ஏற்பாடுகளில் மாற்றம் கோருதல். மூன்றாம் ஆண்டு, பதிவு எண் (உங்கள் எண்)

வணக்கம்.

நான் மூன்றாம் ஆண்டு மாணவி. எனக்கு பானிக் டிஸார்டர் இருப்பதாக மனநல மருத்துவர் கண்டறிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. தொடர்ந்து மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், சிகிச்சையாளரையும் சந்தித்து வருகிறேன். கூட்டமான பேருந்திலும், எளிதில் வெளியேற முடியாத மற்ற இடங்களிலும் எனக்கு இதே பாதிப்பு வருகிறது, எனவே இது தேர்வு நாட்களில் மட்டும் வருவதல்ல. வரும் பருவத் தேர்வுகளுக்கும் மற்ற நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வுகளுக்கும் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைக் கோருகிறேன்.

தேர்வுக் கூடத்தில் நடப்பது இது: எழுதத் தொடங்கி சுமார் 20 நிமிடங்களில் நெஞ்சுப் படபடப்பும் மூச்சுத் திணறலும் தொடங்குகின்றன. விரல்கள் மரத்து, எழுத முடியாமல் போகிறது. உச்சக்கட்டம் சுமார் 10 நிமிடம். அதன்பின் நடுக்கம் அடங்கி, கேள்வியை மீண்டும் படித்து எழுதத் தொடங்க மேலும் 20 முதல் 25 நிமிடம் ஆகிறது. வெளியே செல்ல எல்லோர் முன்னும் எழுந்து போக வேண்டும் என்ற எண்ணமே பாதிப்பை அதிகமாக்குவதால், இதுவரை வெளியே செல்லாமல் இருக்கையிலேயே சமாளிக்க முயன்றிருக்கிறேன். கடந்த இரண்டு பருவங்களிலும் மூன்று மணி நேரத் தேர்வுகளில் கடைசிக் கேள்வியை என்னால் எழுத முடியவில்லை. அதே பாடங்களில் அசைன்மெண்ட் மதிப்பெண்கள் 65 முதல் 72 வரை, தேர்வு மதிப்பெண்கள் 42 முதல் 48 வரை. மதிப்பெண் பட்டியலை இணைத்துள்ளேன்.

இதன் அடிப்படையில் நான் கேட்பவை: பாதிப்பு வரும்போது வெளியே சென்று வர, மணிக்கு 10 நிமிடம் என்ற அளவில், கடிகாரம் நிறுத்தப்படும் ரெஸ்ட் பிரேக். பெரிய கூடத்துக்குப் பதிலாக குறைவானவர்கள் எழுதும் சின்ன அறையில், கதவருகே ஓர் இருக்கை. கை நடுக்கத்தால் எழுத்து படிக்க முடியாமல் போவதால், கம்ப்யூட்டரில் எழுத அனுமதி. மாத்திரையும் தண்ணீரும் மேஜையில் வைத்துக்கொள்ள அனுமதி. ஒரு பாதிப்புக்குப் பின் அன்று முழுவதும் களைப்பு இருப்பதால், முடிந்தால் ஒரு நாளில் ஒரு தேர்வு.

பாடத்தின் தரத்திலோ கேள்விகளிலோ எந்த மாற்றமும் கேட்கவில்லை. மருத்துவரின் கடிதத்தை இணைத்துள்ளேன். அதிலுள்ள விவரங்களை உங்கள் அலுவலகத்துக்கு வெளியே பகிர வேண்டாம், ஏற்பாடுகளை மட்டும் தேர்வுப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம். நேரில் பேச வேண்டுமென்றால் வருகிறேன். இந்த விண்ணப்பத்தைப் பெற்றதையும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(பெயர், தொடர்பு விவரம்)

அவ்வளவுதான், ஒரு பக்கம். இதுல ஒண்ணு ரெண்டு விஷயத்தை பிடிச்சுக்கோங்க. தாழ்மையுடன், கருணை கூர்ந்து, என் எதிர்காலமே உங்கள் கையில்னு எழுதறது நமக்கு பழக்கமாயிடுச்சு, இங்க அது வேண்டாம். இது சலுகை கேக்கற லெட்டர் கிடையாது. ஐ.நா.வோட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006லயே வந்தது, அதுல நீண்டகால மனநலப் பாதிப்பும் அடங்கும், உயர்கல்வியில நியாயமான ஏற்பாடு செஞ்சு குடுக்கணும்னு 24வது பிரிவு சொல்லுது. மரியாதையா, நேரா, விவரமா எழுதினா போதும். அடுத்து அந்த மார்க் வித்தியாசம். அது இருந்தா கட்டாயம் போடுங்க, பாடம் தெரியும், ஹால்லதான் பிரச்சனைங்கறதுக்கு அதை விட தெளிவான ஆதாரம் உங்க கையில வேற இல்ல. மார்க் நல்லாவே இருக்குன்னாலும் லெட்டர் எழுதலாம், அந்த மார்க்குக்கு என்ன விலை குடுக்கறீங்கன்னு எழுதுங்க, எக்ஸாமுக்கு முன்னாடி மூணு ராத்திரி தூங்கல, முடிஞ்சதும் ரெண்டு நாள் எழுந்திருக்க முடியலங்கற மாதிரி. பாடத்தின் தரத்துல மாற்றம் கேக்கலங்கற வரியும் காரணமாத்தான் இருக்கு. எக்ஸாமே வேண்டாம், அசைன்மெண்ட் குடுங்கன்னு கேட்டா அது டிபார்ட்மெண்ட் முடிவு பண்ண வேண்டியது, எங்க ஆபீஸால தனியா குடுக்க முடியாது, வாரக்கணக்குல இழுக்கும். வேற வழியே இல்லன்னா கேளுங்க, ஆனா முதல் லெட்டர்லயே அதை வச்சா மத்ததும் சேர்ந்து நின்னுடும்.

இனி டாக்டர் லெட்டர். விண்ணப்பம் தடுக்கி விழற இடம் பெரும்பாலும் இதுதான். இவர் ஆங்சைட்டிக்காக என் கிட்ட சிகிச்சை எடுக்கறார், ஆவன செய்யவும்னு ஒரு வரி எழுதி சீல் போட்டு குடுத்துடுவாங்க. டாக்டர் மேல தப்பு இல்ல, யுனிவர்சிட்டிக்கு என்ன தேவைன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. அதனால நீங்க போகும்போது உங்க லெட்டரோட டிராஃப்டையும், ஆபீஸ்ல டாக்டருக்குன்னு ஃபார்ம் இருந்தா அதையும் கையில எடுத்துட்டுப் போங்க. வியாதியோட பேர், எப்போலேர்ந்து, இன்னும் எவ்வளவு காலம் இருக்கலாம், சிகிச்சையும் அதோட பக்க விளைவும், எக்ஸாம்ல என்ன பாதிப்பு, என்ன ஏற்பாடு தேவைன்னு நினைக்கறாங்க, இவ்வளவும் இருக்கணும். பக்க விளைவை விட்டுடாதீங்க. மாத்திரையால காலையில மந்தமா இருந்தா மத்தியான எக்ஸாம் கேக்கறதுக்கு அதுவே காரணம் ஆகும், டாக்டர் எழுதலன்னா அதுக்கு பிடிமானம் இல்ல. அப்புறம் உங்க லெட்டரும் டாக்டர் லெட்டரும் ஒத்துப்போகணும். நீங்க ரெஸ்ட் பிரேக் கேட்டு அவங்க கூடுதல் நேரம்னு எழுதியிருந்தா நாங்க ரெண்டு பேரையும் கேக்கணும், அதுலயே ரெண்டு வாரம் போயிடும். யாரோட லெட்டர் செல்லும், எவ்வளவு பழசு வரைக்கும் எடுப்பாங்கங்கறது இடத்துக்கு இடம் மாறும். மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் லெட்டர் வழக்கமா செல்லும், கவுன்சலர் லெட்டரை சில இடத்துல கூடுதல் ஆதாரமா மட்டும் வச்சுக்குவாங்க. உங்களுக்கு டயக்னோஸ் ஆகி ஒரு வருஷத்துக்கு மேலன்னு சொல்றீங்க, அதனால அந்த பழைய பேப்பரையே குடுக்காம இப்போதைய நிலைமையை எழுதி புதுசா ஒண்ணு வாங்கிடுங்க, ஆங்சைட்டி ஏறி இறங்கற வியாதிங்கறதால இப்ப எப்படி இருக்குன்னுதான் கேப்பாங்க.

டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட் தள்ளிப்போகுதுன்னா அதுக்காக லெட்டரை நிறுத்தி வைக்காதீங்க. மருத்துவக் கடிதம் இந்த தேதிக்குள் வரும், அதுவரை தற்காலிக ஏற்பாடு தேவைன்னு எழுதி இப்பவே அனுப்புங்க. எக்ஸாம் ஏற்பாட்டுக்கு பெரும்பாலான யுனிவர்சிட்டில ஒரு கடைசி தேதி இருக்கும், எக்ஸாமுக்கு பல வாரம் முன்னாடியே அது முடிஞ்சிடும், ஏன்னா ரூமும் இன்விஜிலேட்டரும் அப்பவே ஒதுக்கணும். செமஸ்டர் ஆரம்பத்துல எழுதறதுதான் நல்லது. தேதி தாண்டிப் போயிருந்தாலும் எழுதுங்க, தனி ரூம் கிடைக்காம போகலாம், ஆனா கதவு பக்கத்து சீட்டும் தண்ணியும் மாத்திரையும் குடுக்க யாருக்கும் எந்த ஏற்பாடும் தேவையில்ல. ஆனா ஒண்ணு, ஏற்கனவே எழுதி முடிச்ச எக்ஸாமுக்கு இது பின்னோக்கி செல்லாது, எழுதின எக்ஸாம் உடம்பு சரியில்லாம கெட்டுப்போச்சுன்னா அதுக்கு யுனிவர்சிட்டியில வேற விண்ணப்பம் இருக்கும், அதுக்கும் தேதி இருக்கும், ரெண்டையும் ஒரே லெட்டர்ல குழப்பாதீங்க.

லெட்டர் அனுப்பினதும் பெரும்பாலும் ஒரு சந்திப்புக்கு கூப்பிடுவாங்க. அங்க பேச வராம போயிடுமோன்னு பயம் இருந்தா உங்க லெட்டரையே பிரிண்ட் எடுத்துட்டுப் போய் பாத்து பேசலாம், கூட ஒருத்தரை கூட்டிட்டு வரலாமான்னு முன்கூட்டியே கேக்கலாம், ஆங்சைட்டி இருக்கறவங்களோட தினமும் பேசறவங்கதான் எதிர்ல இருப்பாங்க. முடிவுல உங்களுக்கு ஒரு பிளான் எழுத்துல வரும், அதை வரி வரியா படிங்க. ரெஸ்ட் பிரேக்னு மட்டும் இருந்து கடிகாரம் நிக்கும்னு இல்லன்னா உடனே கேளுங்க, இல்லன்னா ஹால்ல அன்னைக்கு இன்விஜிலேட்டர் பிரேக்னா பாத்ரூம் போயிட்டு வர்றதுன்னு எடுத்துக்குவார், நேரம் ஓடிக்கிட்டிருக்கும்.

பிளான் கைக்கு வந்த பிறகும் ஒரு இடத்துல ஓட்டை விழும், கிளாஸ் டெஸ்ட். செமஸ்டர் எக்ஸாமை எக்ஸாம் செக்ஷன் நடத்துது, அவங்ககிட்ட உங்க பிளான் போயிடும். நடுவுல வர்ற டெஸ்ட், லேப் எக்ஸாம், ஆன்லைன் குவிஸ் எல்லாம் அந்தந்த ஆசிரியரே நடத்தறது, அவங்க மெயில்ல வந்த பிளானை திறந்து பாக்காம விட்டிருக்கலாம். மாதிரி லெட்டர்ல மற்ற நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வுகளுக்கும்னு போட்டது இதுக்குத்தான். மூடில் மாதிரி தளத்துல நடக்கற குவிஸ்ல கூடுதல் நேரம் தானா வராது, ஆசிரியர் உங்க பேருக்கு மட்டும் செட்டிங்கை தனியா மாத்தணும், மாத்தலன்னா நேரம் முடிஞ்சதும் அதுவே மூடிக்கும். கடிகாரத்தை நிறுத்தற வசதியும் அதுல வழக்கமா கிடையாது, அதனால ரெஸ்ட் பிரேக் இருக்கறவங்களுக்கு குவிஸ்ல அதுக்கு சமமான நிமிஷத்தை கூட்டிக் குடுக்கணும்னு பிளான்லயே எழுத வச்சுடுங்க. டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடி ஆசிரியருக்கு ரெண்டு வரி மெயில் போதும்: என் பேர்ல ஒரு தேர்வு ஏற்பாட்டு பிளான் இருக்கு, இந்த தேதி குவிஸுக்கு நேரம் மாத்திட்டீங்களான்னு உறுதிப்படுத்த முடியுமா. வியாதி பேரை அதுல சொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

கேட்டதுல ஒரு பகுதியை மட்டும் ஒத்துக்கிட்டு மீதியை மறுத்தாங்கன்னா, எதை எந்த காரணத்துக்காக மறுத்தாங்க, என்ன ஆதாரம் இருந்தா மறுபடி பாப்பாங்கன்னு எழுத்துல கேளுங்க. பாதி கேஸ்ல பதில் டாக்டர் லெட்டர்ல அந்த விஷயம் இல்லங்கறதாத்தான் இருக்கும், ஒரு பாரா சேர்த்து வாங்கிக் குடுத்தா முடிஞ்சிடும். அப்படியும் நியாயமா இல்லன்னு தோணினா மறுபரிசீலனைக்கு வழி என்னன்னு அதே மெயில்ல கேட்டுடுங்க, அதுக்கும் நாள் கணக்கு உண்டு. குடுத்த ஏற்பாட்டோட முதல் எக்ஸாம் எழுதினதும் அன்னைக்கே குறிச்சு வைங்க, எத்தனை பிரேக் எடுத்தீங்க, எத்தனை நிமிஷம், எந்த கேள்வி விட்டுப்போச்சு, ரூம் எப்படி இருந்துச்சுன்னு. அடுத்த செமஸ்டர்ல 10 நிமிஷம் போதல, 15 வேணும்னு கேக்கறதுக்கும், சில ஏற்பாடு தேவையில்லன்னு விடறதுக்கும் அந்த குறிப்புதான் ஆதாரம், ஏற்கனவே ஒத்துக்கிட்ட பிளானை அப்படி ஒரு குறிப்போட வந்து மாத்திக் கேட்டா எங்களுக்கு அது ஒரு மெயில்ல முடியற வேலை.